வங்கி உத்தரவாதத் தொகை கொடுக்கப்படுவதை நீதிமன்றம் எப்போது தடுக்கும்?

கேள்வி: நான் குழாய் அமைக்கும் பணிகளை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர். ஒரு தனியார் ஆலைக்கு 4.8 கோடி ரூபாய்ப் பணியை எடுத்து, 48 லட்சத்துக்குப் பெர்பார்மன்ஸ் கேரண்டியும், வாங்கிய 60 லட்சம் முன்பணத்துக்குத் தனியாக ஒரு கேரண்டியும் கொடுத்தேன். முன்பணத்தில் 45 லட்சத்தை ரன்னிங் பில்களில் பிடித்துவிட்டார்கள். வரைபடங்களைத் தாமதமாகத் தந்தது அவர்கள்தான். ஆனாலும் தாமதத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறித்து, இரண்டு கேரண்டிகளுக்கும் முழுத்தொகையைக் கேட்டு நேற்று வங்கிக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு கேரண்டிகளுக்கும் இன்னும் இரண்டு மாதம் காலம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து உண்டு. இது மோசடி இல்லையா? தடை வாங்க முடியுமா?

பதில்: உங்களுடைய இரண்டு உத்தரவாதங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. 48 லட்சத்துக்குத் தடை கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. முன்பண உத்தரவாதத்தில், ஏற்கெனவே பிடிக்கப்பட்ட 45 லட்சத்துக்கு மட்டும் உங்களுக்கு வலுவான வாதம் இருக்கக்கூடும். அந்த வாதமும் மோசடி என்பதிலிருந்து பிறப்பதன்று, உத்தரவாதப் பத்திரத்தின் வாசகத்திலிருந்து பிறப்பது.

முதலில், பணியை ஒப்பந்தப்படி முடிப்பதற்காகக் கொடுத்த 48 லட்ச உத்தரவாதத்தை எடுத்துக்கொள்வோம். இத்தகைய உத்தரவாதங்களில் வழக்கமாக, பயனாளி, அதாவது உங்கள் விஷயத்தில் ஆலை, எழுத்து மூலம் கேட்டவுடன், ஒப்பந்ததாரர் எழுப்பும் எந்தத் தகராறையும் பொருட்படுத்தாமல், மறுப்பின்றிப் பணம் கொடுப்பதாக வங்கி வாக்களித்திருக்கும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி இது வங்கிக்கும் பயனாளிக்கும் இடையிலான தனி ஒப்பந்தம். உங்களுக்கும் ஆலைக்கும் இடையே நடந்தது எதையும் வங்கி விசாரிக்க வேண்டியதில்லை, விசாரிக்கவும் கூடாது. உச்ச நீதிமன்றம் 1980களின் இறுதியில் சிங் கன்சல்டன்ட்ஸ் வழக்கில் தொடங்கி, 1996இல் சுமாக் இன்டர்நேஷனல் வழக்கு, 2007இல் ஹிமாத்ரி கெமிக்கல்ஸ் வழக்கு என்று தொடர்ந்து இதையே கூறிவந்திருக்கிறது. யார் தவறு செய்தார், இழப்பு உண்மையில் எவ்வளவு என்பன பிறகு தீர்க்கப்பட வேண்டியவை. அதற்காகப் பணம் காத்திருக்காது. தகராறு தீரும்வரை பணம் எவர் கையில் இருக்க வேண்டும் என்பதை இரு தரப்பும் பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளிலேயே தீர்மானித்துவிட்டார்கள் என்பதுதான் இதன் அடிப்படை.

இந்தப் பொது விதிக்கு நீதிமன்றங்கள் ஏற்கும் விலக்குகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, பரிவர்த்தனையின் அடித்தளத்தையே அழிக்கும் அளவுக்கு அப்பட்டமான மோசடி. மற்றொன்று, பின்னர் எவ்வகையிலும் மீட்கவோ ஈடுசெய்யவோ முடியாத இழப்பு. சில தீர்ப்புகள் ‘சிறப்பு நியாயங்கள்’ என்று மூன்றாவதாக ஒன்றையும் குறிப்பிடுகின்றன. நடைமுறையில் அது பெரும்பாலும் இரண்டாவது விலக்கின் நீட்சியாகவே நிற்கிறது. அதை மட்டும் நம்பி மனுத் தாக்கல் செய்ய நான் எவருக்கும் சொல்ல மாட்டேன்.

வரைபடத் தாமதத்துக்குத் தாங்களே காரணம் என்று தெரிந்திருந்தும் பணம் கேட்பது மோசடிதானே என்பது உங்கள் வாதம். சட்டத்தின் கண்ணில் அது மோசடி அன்று. நீங்கள் உங்கள் தரப்புக் கடிதங்களைக் காட்டுவீர்கள், அவர்கள் உங்கள் ஆட்பற்றாக்குறையையும் பொருள்கள் வராததையும் காட்டுவார்கள். இரண்டு விளக்கங்கள் சாத்தியமாக இருக்கும் இடத்தில் அது ஒப்பந்தத் தகராறு மட்டுமே. 1977இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த எட்வர்ட் ஓவன் வழக்கு இதைக் கடுமையாகவே காட்டுகிறது. லிபியாவில் பசுமைக்குடில்களை அமைத்துக் கொடுக்க ஆங்கிலேய நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் செய்து உத்தரவாதமும் கொடுத்திருந்தது. விலை கிடைக்கும் என்பதற்கு வங்கி தரும் உறுதியான கடனுறுதிக் கடிதத்தை, ஒப்பந்தம் கேட்டபடி, வாங்குவோர் கடைசிவரை திறக்கவே இல்லை. ஒப்பந்தத்தை மீறியவர்களாகத் தோன்றிய அவர்களே உத்தரவாதத் தொகையைக் கேட்டபோதும் நீதிமன்றம் தடை தர மறுத்தது. வங்கிக்குத் தெரிந்த, தெளிவாக நிறுவப்பட்ட மோசடி இல்லாமல் வங்கியின் வாக்குறுதியில் தலையிட முடியாது என்பதே அதன் முடிவு. நமது உச்ச நீதிமன்றமும் இந்தத் தீர்ப்பைப் பின்பற்றியிருக்கிறது. மோசடி என்று மனுவில் எழுதினால் யார், எப்போது, எந்தப் பொய்யால் செய்தார் என்ற விவரங்களை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 6ஆவது ஆணை, 4ஆவது விதியின்படி தனித்தனியே கூற வேண்டும். அந்த விவரங்கள் கையில் இல்லாதபோது அச்சொல்லைப் பயன்படுத்துவது உங்களுடைய நல்ல வாதத்தையும் பலவீனப்படுத்திவிடும்.

ஈடுசெய்ய முடியாத இழப்பு என்பதும் பலர் நினைப்பதைவிட மிகக் குறுகியது. வங்கிக் கணக்கு முடங்கும், அடுத்த ஒப்பந்தத்துக்கு உத்தரவாதம் கிடைக்காது, வட்டி ஏறும் என்பவை உண்மையான துன்பங்கள்தாம். ஆனாலும் அவை பணத்தால் ஈடுசெய்யக்கூடியவை. இதற்கு அளவுகோலாக நமது நீதிமன்றங்கள் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் ஐடெக் வழக்கை. ஈரானியப் புரட்சிக்குப் பிறகு, பணயக் கைதிகள் நெருக்கடியின்போது, அமெரிக்க நிறுவனம் அங்கே வழக்குத் தொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறும் வழியே அடைபட்டிருந்த சூழல் அது. சுமாக் வழக்கில், பணம் பெறும் கழகம் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட வேண்டிய நிலையில் இருக்கிறது, பிறகு வசூலிக்க முடியாது என்ற வாதமே போதாது என்று உச்ச நீதிமன்றம் தள்ளியது. இயங்கிக்கொண்டிருக்கும் ஓர் ஆலைக்கு எதிராக உங்களுக்கு இந்த விலக்கு உதவாது.

இனி முன்பண உத்தரவாதம். இங்கேதான் நீங்கள் நேரத்தைச் செலவிட வேண்டும். 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனிக்கும் பீகார் அரசுக்கும் இடையிலான வழக்கும் முன்பண உத்தரவாதத்தைப் பற்றியதே. ஒப்பந்ததாரர் தம் கடமைகளை நிறைவேற்றாமல், முன்பணத்தை வசூலிக்கும் உரிமை அரசுக்கு உண்டானால் மட்டுமே வங்கி கொடுக்கும் என்று அந்தப் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்ததால், அது நிபந்தனையற்ற உத்தரவாதம் அன்று என்று நீதிமன்றம் கூறியது. உத்தரவாதம் தலைமைப் பொறியாளர் பெயரில் இருக்க, பணம் கேட்டவர் செயற்பொறியாளர். அந்தக் கோரிக்கையும் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. உத்தரவாதத்தின் வாசகப்படியே அதைக் கேட்க வேண்டும், அதன் எல்லைக்கு வெளியே கேட்க முடியாது என்பதே அதன் சாரம். மோசடியையோ ஈடுசெய்ய முடியாத இழப்பையோ இங்கே நிரூபிக்க வேண்டியதில்லை. வங்கி எதற்கு வாக்களித்ததோ அதற்கு அப்பால் கேட்கப்படுகிறது என்பதைக் காட்டினால் போதும்.

ஆகவே உங்கள் பத்திரத்தில் தொகைக் குறைப்பு பற்றிய பத்தியைத் தேடுங்கள். ‘பில்களில் பிடித்தம் செய்யப்படும் தொகை அளவுக்கு வங்கியின் பொறுப்பு தானாகவே குறையும்’ என்று இருந்தால், 45 லட்சம் பிடிக்கப்பட்ட பிறகு வங்கியின் பொறுப்பு 15 லட்சம்தான். 60 லட்சம் கேட்டது பத்திரத்துக்கு அப்பாற்பட்ட கோரிக்கை. ஆனால் பல பத்திரங்களில் ‘பயனாளி எழுத்து மூலம் சான்றளித்த பின்பே குறையும்’ என்றோ, ‘பயனாளி குறிப்பிடும் தொகையே இறுதியானது’ என்றோ அடுத்த வரி தொடரும். அந்த வரி இருந்து, சான்றிதழை நீங்கள் வாங்காமல் விட்டிருந்தால், வாதம் பெருமளவு தளர்ந்துவிடும். பிடித்தம் நடந்தது உண்மையாக இருந்தாலும், வங்கியின் பார்வையில் பொறுப்பு 60 லட்சமாகவே நிற்கும். அப்போது ஆலையே அங்கீகரித்த பில்களிலும் கணக்கு அறிக்கைகளிலும் பிடித்தம் ஒப்புக்கொள்ளப்பட்டிருப்பதைக் காட்டி, திரும்ப வந்துவிட்ட பணத்தையே மீண்டும் கேட்கிறார்கள் என்று வாதிடலாம். மறுக்க முடியாத அவர்களுடைய சொந்த ஆவணம் கையில் இருந்தால், மோசடி விலக்குக்கு மிக அருகில் நீங்கள் வருவது இந்த ஓரிடத்தில்தான்.

கடிதத்தின் வடிவத்தையும் பாருங்கள். பத்திரத்தில் சொல்லப்பட்ட அதிகாரி கையெழுத்திட்டிருக்கிறாரா, கோரிக்கையில் இருக்க வேண்டும் என்று எழுதப்பட்ட கூற்று இருக்கிறதா, குறிப்பிட்ட கிளைக்குப் போயிருக்கிறதா என்று சரிபாருங்கள். குறை இருந்தால் அது உண்மையான தடைக் காரணம்தான். ஆனால் உத்தரவாதங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் காலம் இருப்பதால், அவர்கள் குறையைத் திருத்திப் புதிய கடிதம் கொடுத்துவிடலாம். காலம் முடியும் தறுவாயில் வந்த குறைபாடுள்ள கடிதம்தான் ஒப்பந்ததாரருக்கு நிலையான பலன் தரும். உங்களுக்கு அது சில நாள் அவகாசத்தை மட்டுமே தரும்.

செய்ய வேண்டியதை இன்றே தொடங்குங்கள்; ஒழுங்கான கோரிக்கை கிடைத்தபின் வங்கி நீண்ட நாள் காத்திருக்காது, பணம் போனபின் தடை கேட்பதில் பொருளில்லை. தகராறை நடுவர் தீர்க்க வேண்டும் என்னும் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருப்பதால், 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் 9ஆவது பிரிவின்கீழ், அதிகார வரம்புள்ள வணிக நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்பு கோரி மனுச் செய்ய வேண்டும். ஆலையோடு வங்கியையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். 1 கோடியே 8 லட்சம் முழுவதற்கும் தடை கேட்காமல் 45 லட்சத்துக்கு மட்டும் கேட்டு, மீதி 63 லட்சத்தைப் பற்றிய உங்கள் உரிமைகளை நடுவர் முன் எழுப்புவதாகச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் தடை கேட்கும் மனுவில் நியாயமான பகுதி புதைந்துபோவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒப்பந்த முறிவுக் கடிதத்தையும், உங்களுக்குப் பாதகமான கடிதங்களையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். எதையாவது மறைத்து ஒருதலைப்பட்சமாக உத்தரவு பெற்றால், எதிர்த்தரப்பு வந்தவுடன் அந்தக் காரணத்துக்காகவே அது நீக்கப்படலாம். அவர்கள் கேவியட் மனு போட்டிருக்கிறார்களா என்றும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். போட்டிருந்தால் அவர்களுக்கு அறிவிப்புக் கொடுக்காமல் உத்தரவு கிடைக்காது.

மனு எண்ணிடப்படுவதற்கு முன்பே, பிடித்தக் கணக்கையும் குறைப்புப் பத்தியையும் சுட்டிக்காட்டி வங்கிக் கிளைக்கு ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். அந்தக் கடிதத்துக்காக வங்கி பணத்தை நிறுத்திவைக்கக் கடமைப்பட்டதில்லை. ஆயினும் குறைப்பு தானாக நிகழும் பத்திரமாக இருந்தால், தனது பொறுப்பு எவ்வளவு என்பதை வங்கி தானே கணக்கிட்டாக வேண்டும். தடை கிடைத்தால், அது நீடிக்கும் காலம்வரை உத்தரவாதத்தைப் புதுப்பித்து உயிரோடு வைத்திருக்கும்படி நீதிமன்றம் நிபந்தனை விதிப்பது வழக்கம். அதற்கான கமிஷனுக்கும் வைப்புத்தொகைக்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உத்தரவு கிடைத்த 90 நாள்களுக்குள், அல்லது நீதிமன்றம் நீட்டித்துத் தரும் காலத்துக்குள், நடுவர் நடவடிக்கையைத் தொடங்க வேண்டும் என்று அதே 9ஆவது பிரிவு சொல்கிறது. 48 லட்சத்தை வங்கி கொடுத்துவிட்டாலும், வரைபடத் தாமதத்தை நிறுவி, அத்தொகையை வட்டியோடு திரும்பக் கேட்க வேண்டிய இடமும் அந்த நடுவர் மன்றமே.