கரண்ட் வந்ததும் விழும் எம்.சி.பி

கேள்வி: திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். தையல் ஹாலில் 50 வாட் எல்.இ.டி லைட் 36, எல்லாம் ஒரே சி-10 எம்.சி.பி.யில். கரண்ட் போய் வந்தால் எம்.சி.பி விழுந்துவிடுகிறது. 10 ஆம்பியர்கூட ஓடவில்லையே, ஏன்? டி வகை மாற்றிப் போடலாமா?

பதில்: ஓடுகிற கரண்ட் வேறு, ஆன் ஆகும் கணத்தில் இழுக்கிற கரண்ட் வேறுங்க. 36 லைட்டும் ஓடும்போது 8 ஆம்பியர் சொச்சம்தான். ஆனால் ஒவ்வொரு லைட்டுக்கும் கரண்டை மாற்றிக் கொடுக்கிற டிரைவருக்குள் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. காலியாக இருக்கும் அது நிறையும்வரை ஏறக்குறைய ஷார்ட் மாதிரி இழுக்கும். 50 வாட் டிரைவர் ஒன்றே 50 ஆம்பியர் வரை இழுக்கலாம், அதுவும் ஒரு செகண்டில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும். வரிசை வரிசையாகச் சுவிட்ச் போட்டால் தெரியாது. கரண்ட் திரும்பும்போது 36-ம் ஒன்றாக இழுப்பதால்தான் விழுகிறது.

ஓவர்லோடு என்றால் கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறித்தான் விழும். உங்களுடையது வந்த கணத்திலேயே விழும். சில சமயம் இரண்டாம் முறை தூக்கிவிட்டால் நிற்கும். ஏ.சி. அலையின் உச்சியில் சப்ளை வந்தால் இழுப்பு அதிகம், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் குறைவு. அதனால்தான் அப்படி. பாதி லைட்டை அணைத்துவிட்டு எம்.சி.பி.யைப் பலமுறை போட்டுப் பாருங்கள். ஒருமுறையும் விழவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். கிளாம்ப் மீட்டரை நம்பாதீர்கள், இவ்வளவு குறுகிய இழுப்பு அதில் சரியாகத் தெரியாது.

36-ஐ 50-ஆல் பெருக்கவும் வேண்டாம். ஒயரின் ரெசிஸ்டன்ஸே மொத்த இழுப்பைக் கொஞ்சம் அடக்கும். எம்.சி.பி.யும் இத்தனை குறுகிய இழுப்பைத் தன் வழக்கமான அளவைவிடக் கூடுதலாகத் தாங்கும். ஆகவே டிரைவர் டேட்டா ஷீட்டில் 'ஒரு எம்.சி.பி.க்கு எத்தனை' என்று போட்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். உதாரணமாக சி-16-க்கு 22 என்றிருந்தால், சி-10-க்கு அதில் பதினாறில் பத்துப் பங்கு, அதாவது 13. பி வகை என்றால் இன்னும் குறையும். சி-16 மாற்றினாலும் உங்கள் 36 அடங்காது, அதற்குத் தகுந்த ஒயரும் வேண்டும்.

டி வகை இந்த இழுப்பைத் தாங்கும், உண்மைதான். ஆனால் எனக்கு அதில் மனசு ஒப்பாது. சி-10 உடனே விழ 100 ஆம்பியர் போதும். டி-10-க்கு 200 வரை தேவைப்படலாம். ஹாலின் கடைசி லைட்டில் ஷார்ட் ஆனால் நீளமான மெல்லிய ஒயர் வழியாக அவ்வளவு வருமா? பல்லடம் பக்கம் ஒரு தறி ஷெட்டில் டி போட்டு விட்டிருந்தார்கள். எம்.சி.பி விழுவது நின்றது. ஆனால் லைட் கான்டாக்டரின் பாயின்ட் ஒட்டிக்கொண்டு, ஆஃப் செய்தும் லைட் அணையவில்லை. இழுப்பு அப்படியே இருந்ததால் அடி கான்டாக்டருக்குப் போய்விட்டது.

உங்கள் ஹாலுக்கு 12 லைட்டாக மூன்று சர்க்யூட், மூன்று சி-10, ஒவ்வொன்றுக்கும் தனி நியூட்ரல். மூன்று ஃபேஸ் இருந்தால் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை ஃபேஸ் மாற்றிக் கொடுங்கள். ஒன்று விழுந்தாலும் தைக்கிறவர்கள் இருட்டில் ஊசியோடு நிற்க வேண்டியிருக்காது.