சாமி வீடியோவை எங்கே நிறுத்துவது? பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

என் மகனுக்கு மூன்றரை வயது. சாயங்காலம் விளக்கேற்றியதும் ஒரு சாமி கதை வீடியோ போடுகிறேன். நிறுத்தினால் தரையில் புரண்டு அழுகிறான். "இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்று முன்னாலேயே சொல்லியும் பலனில்லை.

அந்த ‘ரெண்டு நிமிஷம்’தான் அழுகையைக் கூட்டுகிறதோ என்னவோ. 2016-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளில் இதைக் கவனித்தார்கள். முன்கூட்டியே எச்சரித்தபோதுதான் பிள்ளைகள் அதிகம் முரண்டு பிடித்தார்கள். நிகழ்ச்சி தானாக முடிகிற இடத்தில் நிறுத்தியபோதும், அது வீட்டு வழக்கமாகவே இருந்தபோதும் சண்டை குறைவு. மூன்றரை வயதுக்கு நிமிடக் கணக்கு தெரியாது, ஆனால் கதை முடிந்தது தெரியும். அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டுக் கதையின் முடிவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாம்பழக் கதையை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு கதை மட்டும் இருக்கிற, பத்து நிமிடத்துக்குள் முடிகிற வீடியோவாகத் தேடுங்கள். பதினைந்து கதைகளை ஒட்டி ஒரு மணி நேரம் ஓடுகிற தொகுப்பு வேண்டவே வேண்டாம், அதற்கு முடிவே கிடையாது. YouTube-இல் Autoplay பொத்தானை அணைத்துவிடுங்கள். YouTube Kids வைத்திருந்தால் மூலையில் இருக்கும் பூட்டுப் படத்தைத் தொட்டு Timer வைக்கலாம். அதைக் கதையின் நீளத்தைவிட இரண்டு மூன்று நிமிடம் கூட்டி வையுங்கள். முருகன் பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது திரை பூட்டிக்கொண்டால் உங்களுக்கே கோபம் வரும்.

போடுவதற்கு முன் இப்படிச் சொல்லுங்கள்: "இன்னைக்கு மாம்பழக் கதை. பழம் யாருக்குக் கிடைக்குதுன்னு பாப்போம். கிடைச்சதும் போனைத் தூங்க வைக்கிறது உன் வேலை."

நடுவில் ஒரே ஒரு கேள்வி போதும்: "முருகன் மயில்ல போயிட்டாரே, இப்பப் பிள்ளையார் என்ன பண்ணுவார்?"

முடிந்ததும்: "பழம் யாருக்கு? சரி, இப்ப நீதான் பிள்ளையார். நாங்கதான் அம்மா அப்பா. எங்களைச் சுத்தி வா பாப்போம்!"

அவன் எழுந்து சுற்ற ஆரம்பித்தால் கை தானாகப் போனை விட்டுவிடும். பரிசு உண்மையான ஒரு துண்டு மாம்பழமாக இருக்கட்டும், சீசன் இல்லையென்றால் வாழைப்பழம். அப்படியும் அழுதால், "இன்னொண்ணு பாக்கணும்னு ஆசையா இருக்கு, எனக்குத் தெரியுது. நாளைக்கு விளக்கேத்தினதும் பாப்போம்" என்று ஒரு தடவை மட்டும் சொல்லுங்கள். பேரம் வேண்டாம். "அழுதா சாமி கண்ணைக் குத்தும்" என்பதும் வேண்டாம். போனை நிறுத்தச் சாமியைப் போலீஸாக்கினால், விளக்கேற்றும் நேரமே அவனுக்குப் பிடிக்காமல் போய்விடும். முதல் நாலைந்து நாள் அழுகை இருக்கத்தான் செய்யும்.

ஐந்து வயது மகள் வீடியோவோடு சேர்ந்து "பாலும் தெளிதேனும்" அழகாகப் பாடுகிறாள். வீடியோ இல்லாமல் சொல்லச் சொன்னால் இரண்டாவது அடியிலேயே நின்றுவிடுகிறாள்.

அவள் கற்றுக்கொண்டிருப்பது மெட்டை, பாட்டை அல்ல. திரையும் இசையும் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவதால் மனசு அதைத் தேடுவதே இல்லை. சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. மெட்டு இல்லாமல், பேசுகிற மாதிரி மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே முணுமுணுப்பாக மாறுகிறதோ அங்கே சொல் இல்லை என்று அர்த்தம். இந்த வெண்பாவில் பெரும்பாலும் ‘கோலஞ்செய் துங்கக் கரிமுகத்து’ என்ற இடத்தில்தான் குழந்தைகள் குழறுவார்கள், ஏனென்றால் அந்தச் சொற்களை அவர்கள் வேறெங்கும் கேட்டதே இல்லை.

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். முதல் நாள் வீடியோவை ஒரே ஒரு முறை சேர்ந்து பாருங்கள். மறுநாள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். மூன்றாம் நாள் போனே வேண்டாம், சமையலறைக்குப் போய்விடுங்கள். ஒரு டம்ளர் பால், ஒரு ஸ்பூன் தேன், கொஞ்சம் வெல்லப்பாகு, ஒரு கைப்பிடி பருப்பு. "இவை நாலும்" என்னும்போது அவளே விரல் விட்டு எண்ணட்டும். தெளிதேன் என்றால் தெளிந்த தேன் என்று காட்டியே விளக்கலாம். கரிமுகம் என்றால் யானை முகம் என்று சொன்னால் உடனே சிரிப்பாள், அப்புறம் அந்தச் சொல் மறக்காது. துங்கம் என்றால் உயர்வு, தூமணி தூய்மையான மணி. முத்தமிழ் இயல், இசை, நாடகம் என்பதைச் சொல்லி வைத்தால் போதும், இந்த வயதில் அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அதற்கடுத்த நாட்களில் நீங்கள் சொல்லிக்கொண்டே வந்து நிறுத்துங்கள். "நாலும் கலந்துனக்கு..." என்று நீங்கள் நின்றால் அவள் "நான்தருவேன்" என்று முடிக்கட்டும். முதலில் கடைசிச் சொல், பிறகு அரை அடி, பிறகு முழு அடி. தடுமாறினால் உடனே எடுத்துக் கொடுக்காமல் மூச்சு விடும் நேரம் பொறுங்கள். ஏழாம் நாள் வேண்டுமானால் வீடியோவைத் திரும்பப் போடுங்கள். "அந்த அக்கா சரியாப் பாடுறாங்களான்னு நீ பாத்துச் சொல்லு" என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும்.

வாரத்தில் இரண்டு முறை, சில நிமிடங்கள். இந்தப் பாட்டுக்குத் திரை அவ்வளவுதான் தேவைப்படுகிறது.

ஒன்றரை வயதுப் பேரனுக்கு என் மாமியார் முருகன் பாட்டு வீடியோ காட்டித்தான் சோறூட்டுகிறார். "கார்ட்டூனா காட்டுறேன், சாமிதானே" என்கிறார்.

இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமான ஐ.ஏ.பி. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது, உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ கால் மட்டும் விதிவிலக்கு. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. சாமி வீடியோவும் அந்தக் கணக்கில்தான் வரும். குழந்தையின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், வேகமாக மாறும் வண்ணங்கள். அதைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறப்பவனுக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை.

ஆனால் மாமியாரிடம் சட்டம் பேசினால் வேலைக்கு ஆகாது. "அத்தை, அந்தப் பாட்டை நீங்க பாடுனா உங்க வாயையே பாத்துக்கிட்டுச் சாப்பிடுறான். போன்ல பாட்டு மட்டும் ஓடட்டும், நீங்க கூடப் பாடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். திரை மூடியிருக்கட்டும், பாட்டு இருக்கட்டும். மூன்று வேளையையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம், காலை இட்லியிலிருந்து தொடங்குங்கள்.

பிரகலாதன் கதை வீடியோ பார்த்ததிலிருந்து நாலு வயது மகள் தூணைக் கண்டாலே பயப்படுகிறாள்.

நரசிம்மர் தூணைப் பிளந்துகொண்டு வருவதை வாயால் சொன்னால், குழந்தை தன்னால் தாங்க முடிந்த அளவுக்குத்தான் கற்பனை செய்துகொள்ளும். வீடியோவில் ரத்தமும் கர்ஜனையும் அனிமேட்டர் வைத்த அளவுதான், குறைக்க வழியில்லை. "அதெல்லாம் பொம்மைப் படம்" என்று தள்ளிவிடாதீர்கள். "சத்தம் பயமா இருந்துச்சா? சிங்கம் யாரைக் காப்பாத்த வந்துச்சு?" என்று கேளுங்கள். அந்த வீடியோவைச் சில மாதம் ஒதுக்கிவிட்டு, கதையை மட்டும் பிரகலாதன் பக்கமிருந்து சொல்லுங்கள். ஒரு நாள் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டுத் தூணைத் தட்டிப் பாருங்கள். புது வீடியோ எதையும் முதலில் நீங்கள் தனியாக முழுசாகப் பார்த்துவிடுவது நல்லது, முக்கியமாகக் கடைசி மூன்று நிமிடம்.

நாங்கள் முஸ்லிம் குடும்பம். ஆறு வயது மகனுக்குச் சின்ன சூராக்களை வீடியோ வழியாகச் சொல்லித் தரலாமா?

காது பழக ஒலிப்பதிவு நல்லது. சூரா இக்லாஸுக்கு நாலே ஆயத்துகள்தான், ஒரு நாளைக்கு ஒன்று என்று திரையில்லாமலே கேட்க வைக்கலாம். ஆனால் உச்சரிப்பை வீடியோ திருத்தாது. ‘அஹத்’ என்பதில் வரும் தொண்டை எழுத்தைத் தமிழ்ப் பிள்ளைகள் சாதாரண ‘ஹ’வாகச் சொல்லிவிடுவார்கள், அப்படியே பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். வாரத்தில் ஒரு நாளாவது மதரஸா உஸ்தாத் முன்னால் உட்கார்ந்து ஓதிக் காட்டட்டும். அவர் திருத்திய பிறகு அடுத்த ஆயத்துக்குப் போங்கள்.