ஸ்டாப் அடித்துவிட்டு ஏறும் பங்கு: 1 சதவீதக் கணக்கில் இருக்கும் கோளாறு

கேள்வி: "என்ஆர்7, இன்சைடு பார் இரண்டும் சேர்ந்து வந்த பங்கை, மறுநாள் அந்த ஹைக்கு 5 பைசா மேலே வாங்குகிறேன். ஸ்டாப்லாஸ் 1%. பாதிக்கு மேல் ஸ்டாப்பை அடித்துவிட்டுத்தான் பங்கு மேலே போகிறது. ஸ்டாப்பை எங்கே வைக்க வேண்டும்? மதர் கேண்டில் ஹையைத் தாண்டிய பிறகு வாங்கினால் சரியாகுமா?"

பதில்: உங்கள் ஸ்டாப், நேற்று முழுக்கப் பங்கு புழங்கிய இடத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் அடிபடுகிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது புரிந்துவிடும்.

ஒரு பங்கின் முதல் நாள், அதாவது மதர் கேண்டில், ஹை 528, லோ 517 என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் ஹை 525, லோ 519.50. இரண்டாம் நாள் முதல் நாளுக்குள் அடங்கியிருப்பதால் அது இன்சைடு பார். அதன் ரேஞ்ச் ஐந்தரை ரூபாய்தான். அதற்கு முந்தைய 6 நாள்களும் 11 முதல் 14 ரூபாய் வரை ஆடியவை, சராசரி 12. ஆக, 7 நாள்களில் இதுவே மிகக் குறுகிய நாள், அதாவது என்ஆர்7.

நீங்கள் 525.05இல் வாங்கி 1% ஸ்டாப் வைத்தால் அது 519.80இல் வரும். நேற்றைய லோவோ 519.50. உடைத்து மேலே போன பங்கு ஒருமுறை திரும்பி வந்து நேற்றைய லோ பக்கம் எட்டிப் பார்ப்பது அன்றாடம் நடப்பது. அது 519.60 வரை வந்தாலே உங்களை வெளியே தள்ளிவிடும். ஆனால் நேற்றைய லோ உடையவில்லை. நீங்கள் வாங்கிய காரணம் இன்னும் செத்துப்போகவில்லை, 30 பைசாவுக்காகப் பணம் போய்விட்டது. 1% என்பது உங்கள் வசதிக்கு வைத்த எண், பங்குக்கு அது தெரியாது. "இதற்குக் கீழே போனால் நான் நினைத்தது தப்பு" என்று சொல்லக்கூடிய விலைக்குத்தான் ஸ்டாப் என்று பெயர். இந்தப் பங்கில் அது 519.50க்குக் கொஞ்சம் கீழே, 519.

குறுகிய நாளின் லோ எப்போதும் போதுமா என்றால், இல்லை. நுழையும் விலைக்கும் ஸ்டாப்புக்கும் உள்ள தூரம், முந்தைய 6 நாள் சராசரி ரேஞ்சில் பாதியாவது இருக்க வேண்டும். இங்கே 525.50இல் நுழைந்தால் தூரம் ஆறரை ரூபாய், சராசரியில் பாதி 6 ரூபாய். ஆகவே 519 போதும். குறுகிய நாள் வெறும் 3 ரூபாய் ரேஞ்சில் முடிந்திருந்தால் அதன் லோவை நம்பக் கூடாது. ரேஞ்ச் விரியும் நாளில் 3, 4 ரூபாய் ஆட்டம் காலை அரை மணி நேரத்திலேயே வந்துபோகும். அப்போது ஸ்டாப் மதர் கேண்டில் லோவுக்குக் கீழே, அதாவது 516.50க்குப் போக வேண்டும். ஸ்டாப் தள்ளிப்போனால் வாங்கும் எண்ணிக்கை குறைய வேண்டும். இந்தக் கடைசி வரியைத்தான் பலர் படிக்காமல் தாண்டுகிறார்கள்.

நுழைவுக்கு வருவோம். 5 பைசா என்பது அந்த விலையில் ஒரே ஒரு டிக். எல்லோருடைய ஆர்டரும் குவிந்திருக்கும் இடத்தில் ஒரு சின்ன வர்த்தகம் நடந்தாலே உங்கள் ஆர்டரும் எழுந்துவிடும். விலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இங்கே சுமார் 50 பைசா இடைவெளி விடுங்கள். SL வகை வாங்கும் ஆர்டரில் ட்ரிக்கர் 525.50, லிமிட் 527. எண்ணிக்கையை ட்ரிக்கர் விலையை வைத்துப் போடாதீர்கள், கிடைக்கக்கூடிய மோசமான விலையான 527ஐ வைத்துப் போடுங்கள். 527இலிருந்து 519 வரை 8 ரூபாய். இந்த வர்த்தகத்தில் 2,000 ரூபாய் வரை இழக்கத் தயார் என்றால் 250 பங்கு, அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். ஸ்டாப் 516.50 என்றால் தூரம் பத்தரை ரூபாய், அப்போது 190 பங்கு.

டெலிவரியாக எடுத்தால் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1% எஸ்டிடி, வாங்கும்போது முத்திரை வரி. 250 பங்குக்கு இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 280 ரூபாய், தரகு தனி. ஆக 2,000 இழப்பு என்பது உண்மையில் 2,300ஐ நெருங்கும். ஜெயித்தாலும் தோற்றாலும் அரசு தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடும். ஸ்டாப் நெருங்க நெருங்க எண்ணிக்கை கூடும், வரி உங்கள் ரிஸ்க்கில் தின்னும் பங்கும் கூடும். நெருக்கமான ஸ்டாப் சிக்கனம் என்ற நினைப்பு இங்கேயே அடிவாங்குகிறது.

மதர் கேண்டில் ஹை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதே நாளில் வாங்கி விற்பவருக்கு வேண்டாம். பங்கு அன்று 520இலிருந்து கிளம்பி 528.50 தொடும்போது எட்டரை ரூபாய் ஓடி முடித்திருக்கும். சராசரி நாளே 12 ரூபாய்தான் என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? சில நாள் வைத்திருக்கப் போகிறவருக்குக் கதை வேறு. நாள் முடிவு 528க்கு மேலே வந்த பிறகு வாங்கலாம், ஆனால் ஸ்டாப் அதே 519தான். நுழைவை மேலே கொண்டுபோனோம் என்பதற்காக ஸ்டாப்பையும் கூடவே மேலே இழுத்தால் பழைய 1% வியாதி திரும்பிவிடும்.

மறுநாள் காலை பங்கு 531இல் திறந்தால் ஒரு பொறி காத்திருக்கிறது. ட்ரிக்கர் தாண்டிவிட்டதால் உங்கள் ஆர்டர் 527 லிமிட் ஆர்டராக மாறி வரிசையில் நிற்கும். 531இல் எதுவும் கிடைக்காது, நீங்களும் மறந்துவிடுவீர்கள். 11 மணிக்குப் பங்கு சறுக்கி 527க்கு வரும்போது ஆர்டர் நிறைவேறும். உடைத்து ஏறும் பங்கை வாங்க நினைத்தவர் விழும் பங்கை வாங்கியிருப்பார். லிமிட்டுக்கு மேலே திறந்தால் உடனே ரத்து செய்யுங்கள். 525.50ஐத் தொடாமல் முதலில் 519 உடைந்தாலும் ரத்துதான். குறுகிய நாள் வெடிப்பு வரலாம் என்று சொல்லும், எந்தப் பக்கம் என்று சொல்லாது. 1990இல் இந்த வடிவத்தை எழுதிப் பரப்பிய டோபி கிராபெல்கூட நுழைவைத் தொடக்க விலையிலிருந்து இரு பக்கமும் ஒரு தூரம் வைத்துத்தான் கணக்கிட்டார்.

வாங்கிய அன்றே முடிவு விலை 525க்குக் கீழே வரும்போல இருந்தால் ஸ்டாப் வரை காத்திருப்பதில் அர்த்தமில்லை, மூன்றே கால் மணிக்கே வெளியேறிவிடலாம்.

இப்படி ஒரு குறுகிய நாளைக் கண்டுபிடிக்கப் பணம் கட்ட வேண்டியதே இல்லை. வாட்ஸ்அப், டெலிகிராமில் "நாளைய என்ஆர்7 பட்டியல்" என்று மாதச் சந்தா வாங்குகிறவர்கள் விற்பது இந்த மூன்று வரியைத்தான். B பத்தியில் ஹை, C பத்தியில் லோ, 2ஆம் வரிசையிலிருந்து 8 வரை 7 நாள்கள்:

```
D8:  =B8-C8
E8:  =D8=MIN(D2:D8)
F8:  =AND(B8<B7,C8>C7)
```

D8இல் உள்ளதை D2 முதல் எல்லா வரிசைக்கும் நகல் எடுங்கள். E, F இரண்டிலும் TRUE வந்தால் அதுதான் நீங்கள் தேடும் நாள். பட்டியல் விற்பவர்களில் மோசமானவர்கள் வேறொன்றும் செய்வார்கள். வர்த்தகம் குறைவாக நடக்கும் சின்னப் பங்கைத் தாங்கள் முதலில் வாங்கி வைத்துவிட்டு, "ஹைக்கு மேலே வாங்குங்கள்" என்று ஆயிரம் பேருக்கு ஒரே ட்ரிக்கரை அனுப்புவார்கள். உடைத்து மேலே தள்ளுவது உங்கள் பணம், அந்த இடத்தில் விற்பது அவர்கள். காசு வாங்கிக்கொண்டு பங்கு சொல்கிறவரிடம் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வாளர் என்றால் INH என்று தொடங்கும், ஆலோசகர் என்றால் INA. சொன்ன எண்ணை செபி தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள், அவர் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள். "நாங்கள் பாடம் மட்டும்தான் நடத்துகிறோம்" என்று நழுவுகிறவர்களுக்கு செபி 2025 ஜனவரியில் ஒரு கடிவாளம் போட்டது: பாடத்தில் கடைசி 3 மாத விலையைக் காட்டக் கூடாது. நாளைய பட்டியல் எப்படிப் பாடமாகும் என்று அவர்களிடமே கேளுங்கள்.

நீங்களே கணக்கிடும்போது ஒரு விதிவிலக்கு கட்டாயம் கவனத்தில் இருக்க வேண்டும். தீபாவளி முகூர்த்த வர்த்தகம். 2024இல் நவம்பர் 1 மாலை 6 முதல் 7 வரை, 2025இல் அக்டோபர் 21 பிற்பகல் 1:45 முதல் 2:45 வரை, இரண்டுமே ஒரு மணி நேரம்தான். ஆனால் சார்ட்டில் அது முழு நாள் கேண்டிலாகவே நிற்கும். ஒரு மணி நேரத்தில் பங்கு எவ்வளவு ஆடிவிடும்? பாதிப் பங்குகள் என்ஆர்7 என்று காட்டும், அத்தனையும் பொய். இதைப் பலர் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தப்புவது அடுத்த 6 வர்த்தக நாள்கள். அந்தக் குட்டிக் கேண்டில் 7 நாள் ஜன்னலுக்குள் இருக்கும்வரை, உண்மையிலேயே குறுகிய நாள் வந்தாலும் அது அந்தக் குட்டியைவிடப் பெரிதாகத்தான் இருக்கும், E பத்தி FALSE என்றே சொல்லும். சராசரி ரேஞ்சும் சுருங்கிவிடுவதால் "பாதி தூரம்" என்ற சோதனையும் தப்பான பதில் தரும். அந்த வரிசையையே தூக்கிவிட்டு, ஒரு நாள் பின்னுக்குச் சேர்த்துக் கணக்கிடுங்கள். 2024 மார்ச் 2, மே 18 ஆகிய சனிக்கிழமைகளில் நடந்த துண்டு அமர்வுகளுக்கும் இதே வைத்தியம். ஒரு மணி நேர அமர்வைத் தனியாகக் குறித்துத் தர, இத்தனை கட்டணம் வாங்கும் சார்ட் நிறுவனங்களுக்குக்கூட மனம் வரவில்லை.

கடைசியாக, போட்ட ஸ்டாப் நிஜமாக நிற்கிறதா என்று பாருங்கள். SL விற்கும் ஆர்டர் 3:30 மணிக்குச் செத்துவிடும், மறுநாள் புதிதாகப் போட வேண்டும். 9 மணி முன்திறப்பு அமர்வில் ஸ்டாப் ஆர்டர் செல்லாது, 9:15க்குப் பிறகுதான். டெலிவரியாக வைத்திருப்பவர் GTT போட்டால் தினமும் போடும் வேலை மிச்சம், ஆனால் அது உங்கள் தரகரிடம் கிடக்கும் குறிப்பு. ட்ரிக்கர் வந்த பிறகுதான் சந்தைக்கு ஆர்டராகப் போகும். ட்ரிக்கர் 519, லிமிட்டும் 519 என்று வைத்தால், பங்கு 516இல் திறக்கும் நாளில் விற்காமல் அப்படியே நிற்கும். லிமிட்டை 514 போலத் தாழ்வாக வையுங்கள், சந்தையில் அதைவிட நல்ல விலை இருந்தால் அந்த விலைதான் கிடைக்கும்.