92 சதவீதம் காட்டுவது உங்கள் பழைய வரைவுதானா?

கேள்வி: என் ஆய்வுக் கட்டுரையின் வரைவை மூன்று மாதம் முன்பு நெறியாளர், நகலைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டின் கருவியில் போட்டுப் பார்த்தார். மற்றவற்றோடு 12 சதவீதம் பொருந்துவதாக வந்தது. கொஞ்சம் திருத்தி, ஒரு பகுதியைச் சேர்த்து, இப்போது துறையில் ஏற்றினால் 92 சதவீதம் என்கிறது. நான் யாருடையதையும் எடுக்கவில்லை. பழைய வரைவைத்தான் பிடிக்கிறதா? அதை எப்படி நீக்குவது?

பதில்: பெரும்பாலும் அதுதான். உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த வரைவுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். அது புரிந்தால் மீதியும் புரிந்துவிடும்.

டர்னிட்டின் ஒரு கட்டுரையை மூன்று வகைக் குவியல்களோடு ஒப்பிடுகிறது: இணையப் பக்கங்கள், இதழ்களிலும் நூல்களிலும் வெளியானவை, இதற்கு முன் மற்றவர்கள் சமர்ப்பித்த கட்டுரைகள். மூன்றாவது குவியல்தான் உங்கள் விஷயம். ஒப்பிட்டு முடித்ததும் அறிக்கை வந்துவிடுகிறது, ஆனால் கட்டுரை கிளம்பிப் போய்விடுவதில்லை. ஏற்றியவர் வேறு மாதிரி சொல்லாவிட்டால் அதுவும் அந்தக் குவியலில் சேர்ந்து, அடுத்து வருபவருக்கு ஒப்பிடும் பொருளாகிறது.

இப்படிச் சேர்ந்தபின் அது யாருடையது என்பதைக் கருவி பார்ப்பதில்லை. கட்டுரையை வெறும் எழுத்தாக்கி, தொடர்ந்து வரும் சொற்களின் சிறு சிறு கோவைகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கைரேகை போன்ற அடையாளம் கொடுத்து வைத்துக்கொள்ளும். புதுக் கட்டுரை வந்தால் அதன் கைரேகைகளைத் தேடும். முகப்புப் பக்கத்தில் உங்கள் பெயர் இருப்பதெல்லாம் கணக்கில் வராது. நீங்களே எழுதியதை நீங்களே மறுபடி ஏற்றினாலும் அதற்கு அது இன்னொரு கட்டுரையில் இருக்கும் அதே சொற்கள், அவ்வளவுதான்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரே வகுப்பில், ஒரே பணிக்குள், அதாவது கட்டுரையை ஏற்ற ஆசிரியர் திறந்துவைத்த அதே இடத்தில், ஒரே கணக்கிலிருந்து திரும்ப ஏற்றினால் முந்தைய பிரதியின் இடத்தில் புதியது உட்காரும். அந்தப் பழைய பிரதியோடு ஒப்பிடாது. மாணவர்கள் இப்படி நாலைந்து முறை ஏற்றிப் பழகியிருப்பதால் எங்கே ஏற்றினாலும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். பணி மாறினாலும் கணக்கு மாறினாலும் அந்தச் சலுகை கிடையாது. உங்கள் விஷயத்தில் இரண்டுமே மாறியிருக்கும் என்று நினைக்கிறேன்: வரைவை ஏற்றியவர் நெறியாளர், இறுதிப் பிரதி போனது துறையின் பணிக்குள். ஆசிரியர்களுக்கு `Quick Submit` என்று ஒரு குறுக்கு வழி இருக்கிறது, வகுப்பு எதுவும் உருவாக்காமல் ஒரு கோப்பைப் போட்டுப் பார்க்க. அவசரத்துக்கு எல்லோரும் எடுப்பது அதைத்தான். அங்கேயும் எங்கே சேமிப்பது என்ற தேர்வு உண்டு, ஆனால் பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அந்தத் தேர்வில் மூன்று நிலைகள். பொதுக் களஞ்சியம் என்றால் எந்த நிறுவனத்தில் ஏற்றப்படும் கட்டுரையும் உங்களுடையதோடு ஒப்பிடப்படும். நிறுவனக் களஞ்சியம் என்றால் உங்கள் நிறுவனத்துக்குள் மட்டும். மூன்றாவது `no repository`, எங்கும் சேமிக்காது. மூன்றாவதைத் தேர்ந்தால் ஒப்பீடே நடக்காது என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. ஒப்பீடும் அறிக்கையும் வழக்கம்போல வரும், கட்டுரை மட்டும் தங்காது. வரைவைச் சோதிக்க வேண்டுமானால் இதுதான் சரியான நிலை.

சரி, உங்கள் 92-க்கு வருவோம். எண்ணை விட்டுவிட்டு மூலங்களின் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள். முதல் இடத்தில் ஒரே ஒரு மூலம் கிட்டத்தட்ட முழு எண்ணையும் தூக்கிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் `Submitted to` என்று தொடங்கி உங்கள் நிறுவனத்தின் பெயர், கீழே `Student Paper`, கூடவே ஏற்றிய தேதியும் கிடைக்கும். அந்தத் தேதி நெறியாளர் சோதித்த நாளோடு பொருந்துகிறதா பாருங்கள். அப்புறம் கட்டுரைக்குள் போய் நிறம் தீட்டிய இடங்களைப் பாருங்கள். மற்றவரிடமிருந்து எடுத்தவை திட்டுத்திட்டாக இருக்கும், இங்கே மூன்று வரி, அங்கே ஒரு பத்தி. சொந்த வரைவு என்றால் பக்கம் பக்கமாக ஒரே நிறம், அதே வரிசையில் ஓடும். நீங்கள் திருத்திய இடங்களில் மட்டும் சின்னச் சின்ன வெள்ளை இடைவெளி தெரியும். புதிதாகச் சேர்த்த பகுதி வெள்ளைத் தீவாக நடுவில் கிடக்கும். இந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இரண்டாம் முறை சந்தேகமே வராது.

இப்போது ஒரு கணக்கு. இதில்தான் நெறியாளர்களே தடுமாறுகிறார்கள். உங்கள் வரைவு 5,500 சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீதம் என்றால் 660 சொற்கள் வெளி மூலங்களோடு பொருந்தின: மேற்கோள்கள், வரையறைகள், எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் முறையியல் வாக்கியங்கள். பிறகு 500 சொற்கள் புதிதாகச் சேர்த்தீர்கள், பழையதில் ஒரு 100 சொற்களை மாற்றினீர்கள். இறுதிப் பிரதி 6,000 சொற்கள். அதில் 5,400 சொற்கள் வரைவோடு அப்படியே பொருந்தும், அது 90 சதவீதம். புதிய பகுதியில் ஒரு மேற்கோள் 120 சொற்களுக்குப் பொருந்துகிறது, அது 2 சதவீதம். மொத்தம் 92.

வரைவை மூலப் பட்டியலிலிருந்து விலக்கினால் எவ்வளவு மிஞ்சும்? 92-இல் 90 போனால் 2 என்று தோன்றும். 13 வரும். "விலக்கியும் 13 வருகிறதே, வேறெங்கோ நகலெடுத்திருக்கிறாயா?" என்று மாணவரைக் கேட்ட ஆசிரியரை எனக்குத் தெரியும். நடப்பது இது: ஒரு வாக்கியம் பல மூலங்களில் இருந்தால் அறிக்கை அதை அதிகம் பொருந்தும் மூலத்தின் கணக்கில் எழுதிவிடும். உங்கள் பழைய 660 சொற்களும் வரைவுக்குள்ளேயே இருந்ததால் அவற்றையும் வரைவு விழுங்கிவிட்டது. அதை எடுத்தவுடன் அடியில் மறைந்திருந்த உண்மையான மூலங்கள் மேலே வருகின்றன. 660-ஓடு புதிய 120 சேர்ந்து 780 சொற்கள், 6,000-க்கு 13 சதவீதம். உங்கள் கட்டுரையின் நேர்மையான எண் இதுதான், பழைய 12-க்கு அருகிலேயே நிற்கிறது பாருங்கள். திருத்தியபோது வெளி மூலத்தோடு பொருந்திய வாக்கியங்களிலும் கை வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் குறையலாம்.

இதே காரணத்தால் இன்னொரு குழப்பமும் வரும். விலக்கியும் எண் இறங்கவே இல்லை என்றால், வரைவு இரண்டு முறை சேமிக்கப்பட்டிருக்கும். மேலே இருந்ததை எடுத்ததும் அடுத்தது அந்த இடத்துக்கு ஏறிவிடுகிறது. இரண்டையும் விலக்க வேண்டும்.

ஆக, உங்களுக்கு உடனடித் தேவை நீக்கம் அல்ல, விலக்கம். அதை மாணவர் கணக்கிலிருந்து செய்ய முடியாது. துறையில் பணியை நடத்தும் ஆசிரியர் அறிக்கைக்குள் அந்த மூலத்தைத் தேர்ந்து விலக்கினால் எண் அங்கேயே மறுகணக்காகிவிடும். அவர் கேட்பதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். கையில் இரண்டு கொண்டுபோங்கள்: பழைய 12 சதவீத அறிக்கை, வரைவை ஏற்றியபோது கிடைத்த ரசீது. ரசீதில் சமர்ப்பிப்பு எண்ணும் தேதியும் இருக்கும். ரசீது நெறியாளரிடம் இருந்தால், இன்ன நாளில் நான் ஏற்றியது இது என்று அவர் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினால் போதும்.

தயவுசெய்து செய்யக் கூடாதது ஒன்று: எண்ணை இறக்குவதற்காகச் சொற்களை மாற்றி எழுதுவது. உங்கள் சொந்த வாக்கியங்களை நீங்களே சிதைத்து, நடுவில் வரையறைகளின் பொருளையும் மாற்றிவிடுவீர்கள். கூடவே, வரைவுக்கும் இறுதிப் பிரதிக்கும் இடையிலான அந்தத் தெளிவான ஒற்றுமைதான் உங்களுக்குச் சாட்சி, அதையும் கலைத்துவிடுகிறீர்கள்.

மூலத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயருக்குப் பதில் எங்கோ இருக்கும் வேறொரு நிறுவனத்தின் பெயர் நின்றால் நிலைமை கொஞ்சம் சிக்கல். யாரோ ஒருவரின் கணக்கு வழியாகக் காசுக்குச் சோதித்துத் தருபவர்களிடம் கட்டுரையைக் கொடுத்தவர்களுக்கு இது நடக்கும். அந்தப் பிரதியின் முழு எழுத்தை உங்கள் ஆசிரியரால் பார்க்க முடியாது. அறிக்கையிலிருந்தே அனுமதிக் கோரிக்கை அனுப்பலாம், அது அங்குள்ள ஆசிரியருக்குப் போகும், அவர் பதில் தந்தால் உண்டு. அங்கே உங்கள் பெயரில் அது ஏறியிருக்கவும் வாய்ப்பில்லை. இப்படி ஏதாவது செய்திருந்தால் மறைக்காமல் இப்போதே நெறியாளரிடம் சொல்வதுதான் நல்லது.

நிரந்தரமாக நீக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் நீங்களாக முடியாது. ஆசிரியர் தன் வகுப்புப் பட்டியலிலிருந்து கட்டுரையை அழித்தால் அது பட்டியலிலிருந்துதான் போகும், களஞ்சியத்தில் அப்படியே இருக்கும். களஞ்சியத்திலிருந்தே எடுக்க ஆசிரியர் கோரிக்கை வைக்க வேண்டும், நிறுவனத்தின் கணக்கு நிர்வாகி அதை ஏற்க வேண்டும். என் கட்டுரையை என்னைக் கேட்காமல் வைத்துக்கொள்ளலாமா என்று கோபப்படுபவர் நீங்கள் மட்டும் இல்லை. அமெரிக்காவில் நான்கு பள்ளி மாணவர்கள் இதற்காகவே டர்னிட்டினை நடத்திய ஐபாரடைம்ஸ் நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டார்கள். சேமிக்கக் கூடாது என்று கட்டுரையிலேயே எழுதியும் ஏற்றிப் பார்த்தார்கள். 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பிடுவதற்காக இப்படிச் சேமிப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் நியாயமான பயன்பாட்டுக்குள் அடங்கும் என்று நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒரே வேலையின் வரைவும் இறுதிப் பிரதியும் பொருந்துவது தவறே இல்லை. ஆனால் போன ஆண்டு வேறொரு பாடத்துக்கு எழுதி மதிப்பெண் வாங்கிய கட்டுரையின் பத்திகள் இதில் இருந்து, பட்டியலில் அதுவும் தலைகாட்டினால், விலக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அது கருவியின் குழப்பம் அல்ல, மறுபயன்பாடு. அதை எவ்வளவு அனுமதிப்பது என்பது துறையின் விதி, கேட்டுக்கொண்டு மேற்கோளாகக் காட்டிவிடுங்கள்.

வரைவை நீக்கச் சொல்லிக் கோரிக்கை வைத்தால், அது ஏற்கப்பட்ட பிறகும் இப்போது கையில் இருக்கும் அறிக்கை தானாக மாறாது. அது எடுத்த நாளின் நிலையைத்தான் காட்டும். ஆசிரியர் புது அறிக்கை எடுத்த பிறகுதான் எண் இறங்கும்.