ரிஃபைன்மென்ட் அமர்வுக்கு முந்தைய தயாரிப்பு

ஸ்பிரின்ட் பிளானிங்கில் பாதி நேரம் டிக்கெட்டுகளை விளக்குவதிலேயே போகிறது. டிக்கெட்டுகளை முன்கூட்டியே தெளிவாக்கும் ரிஃபைன்மென்ட் அமர்வுக்கு எப்படித் தயாராவது?

அமர்வுக்கு இரண்டு நாள் முன்பே, அடுத்த ஸ்பிரின்ட்டுக்கு வரக்கூடிய டிக்கெட்டுகளை மட்டும் பிராடக்ட் ஓனர் வரிசைப்படுத்தி, ஒரு டெவலப்பரும் ஒரு டெஸ்டரும் படித்துத் தம் கேள்விகளை டிக்கெட்டிலேயே எழுதும்படி அனுப்ப வேண்டும். ‘ஓடிபியை மீண்டும் அனுப்பும் வசதி’ என்று ஒற்றை வரியில் ஒரு டிக்கெட் இருந்தால், எத்தனை நொடிக்குப் பின் பொத்தான் செயல்படும், பழைய ஓடிபி செல்லுமா, எத்தனை முறை கேட்கலாம் என்று டெஸ்டர் கேட்பார். 30 நொடி, செல்லாது, 3 முறை என்று பிராடக்ட் ஓனர் தரும் விடைகளே அதன் ஏற்பு நிபந்தனைகளாகிவிடும்.

இந்தியாவில் புதிய குறுஞ்செய்தி வாசகம் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி பதிவுத் தளத்தில் ஒப்புதல் பெற வேண்டும் என்பதால், அது கிடைக்கும்வரை அத்தகைய வாசகம் தேவைப்படும் டிக்கெட்டை வரிசையில் கீழே இறக்கிவிடுவேன். அமர்வில் மதிப்பீடுகள் 3, 13 என்று விலகி நின்றால் சராசரி எடுக்காதீர்கள். இருவரிடமும் காரணம் கேட்டால், பெரும்பாலும் ஒருவர் மட்டுமே அறிந்திருந்த வேலை ஒன்று வெளிப்படும்.