lb-யில் பவுண்ட் எங்கே?

ஐயா, என் தாத்தா தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். அவருடைய பழைய கொப்பியில் 'cwt 3, qr 2, lb 11' என்று ஒரு வரி இருக்கிறது. lb என்றால் றாத்தல் என்கிறார் அப்பா. பவுண்ட் என்ற சொல்லில் l-உம் இல்லை, b-உம் இல்லையே? oz-உம் இப்படித்தான் இருக்கிறது. ஏன்?
– ஒரு வாசகி, ஹட்டன்

அன்புள்ள வாசகிக்கு,

அப்பா சொன்னது சரி. பாண் கடையில் இன்றும் 'ஒரு றாத்தல் பாண்' என்று கேட்கிறோமே, அதே றாத்தல்தான்.

ரோமர்கள் இந்த எடையை 'லிப்ரா பொண்டோ' என்றார்கள். லிப்ரா என்பது எடையின் பெயர், தராசுக்கும் அதுவே பெயர். பொண்டோ என்றால் 'நிறையில்' என்று பொருள். மக்கள் வாயில் பொண்டோ தங்கிப் பவுண்ட் ஆனது. கணக்கெழுதியவர்களோ இடைக்காலம் முழுக்க லத்தீனில் எழுதியதால், அவர்கள் ஏட்டில் லிப்ராவின் l-உம் b-உம் நின்றுவிட்டன. பேச்சு ஒரு பாதி, எழுத்து மறுபாதி. காசைக் குறிக்கும் £ கூட லிப்ராவின் L-தான்.

oz கொஞ்சம் சுற்றி வந்தது. லிப்ராவைப் 12 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு 'உன்கியா'. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அவுன்ஸ் ஆனது. ஆனால் சுருக்கம் வந்தது பழைய இத்தாலியச் சொல்லான 'ஒன்சா'விலிருந்து. அதை எழுதும்போது முதலில் o வரும், பிறகு z வரும். அடியின் 12-இல் ஒரு பங்கான இஞ்சும் இதே உன்கியாதான். ஆனால் நாம் பழகிய றாத்தலுக்கு 12 அல்ல, 16 அவுன்ஸ். தங்கம் நிறுக்கும் அவுன்ஸ் தனி: சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம், அது 31.1 கிராம். தங்க விலைச் செய்தி படிக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனித் தாத்தாவின் வரிக்கு வருவோம். cwt என்பது நம் ஆட்கள் சொல்லும் அந்தர். c லத்தீனில் நூறைக் குறிக்கும், wt ஆங்கிலத்தில் எடையைக் குறிக்கும், ஒட்டுப்போட்ட சுருக்கம். பெயரில்தான் நூறு, பிரிட்டிஷ் கணக்கில் ஓர் அந்தர் 112 றாத்தல். qr அதில் கால் பங்கு, 28 றாத்தல். ஆக 3 அந்தருக்கு 336, 2 காலுக்கு 56, மிச்சம் 11. மொத்தம் 403 றாத்தல், ஏறக்குறைய 183 கிலோ. அந்தரை நூறு என்று வைத்துக் கூட்டினால் 361தான் வரும், 42 றாத்தல் காணாமல் போய்விடும்!

தாத்தா எந்தக் கணக்கில் எழுதினார் என்பதைக் கொப்பியிலேயே பார்த்துக்கொள்ளலாம். lb நிரலை மேலிருந்து கீழே படியுங்கள். 25, 26, 27 எல்லாம் வந்து, 28 வராமல் qr-இல் ஒன்று கூடியிருந்தால் 112 கணக்குத்தான். 24-க்கு மேல் எங்குமே ஏறவில்லை என்றால், அந்தப் பக்கத்தை ஒரு படம் பிடித்து அனுப்புங்கள், பார்ப்போம்.