மொத்த வியாபாரி எதற்கு, மளிகைக் கடை எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

“மில்லில் இருந்து நேராகக் கடைக்குச் சரக்கு வந்தால் விலை குறையாதா? நடுவில் மொத்த வியாபாரி எதற்கு? சூப்பர் மார்க்கெட்டுக்கு எதிரே சின்னக் கடை எப்படி நிற்கிறது?”

துவரம் பருப்பை எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்தில் கலபுரகிப் பக்கத்து மில்காரர் லாரிக் கணக்கில்தான் விற்பார். தெருமுனைக் கடைக்குத் தேவை 50 கிலோ மூட்டை ஒன்று. விருதுநகர் மாதிரி சந்தையில் இருக்கும் மொத்த வியாபாரி முழு லோடை இறக்கி, மூட்டை மூட்டையாகப் பிரித்துத் தருகிறார். லாரி வாடகையும் ஏற்றுகூலி, இறக்குகூலியும் அத்தனை மூட்டைக்கும் பரவிவிடும். ஒற்றை மூட்டையைத் தனியாக வரவழைத்தால் அந்தச் செலவே லாபத்தைத் தின்றுவிடும்.

அதைவிடப் பெரிய உதவி, மொத்த வியாபாரி தரும் கடன். உதாரணமாக, கிலோ 120 ரூபாய்க்கு வாங்கி 130க்கு விற்றால் மூட்டைக்கு 500 ரூபாய் நிற்கும். 15 நாள் தவணை கிடைத்து, பத்தே நாளில் மூட்டை காலியானால், கைக்காசு போடாமலே அந்த 500 வரும்.

சூப்பர் மார்க்கெட் லோடாக வாங்குவதால் அடக்கவிலை குறைவு. சர்க்கரை, எண்ணெயை அடக்கத்துக்கே கொடுத்து ஆளை உள்ளே இழுத்து, மற்றதில் பிடித்துவிடும். அங்கே போய் விலையில் மோதுவது வீண். சின்னக் கடையின் பலம் வேறு: நூறு கிராம் பருப்பு, வீட்டு ஆட்களின் உழைப்பு, குறைந்த வாடகை, அப்புறம் பற்று நோட்டு.

ஆபத்தும் அந்த நோட்டில்தான். வாடிக்கையாளர் சம்பள நாளில்தான் தீர்ப்பார். மொத்தக் கடைக்கோ 15 நாளில் கட்டணும். மூட்டை காலி, கல்லாவும் காலி என்றால் வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடன் கைமீறிவிட்டது என்று அர்த்தம்.